ஸுல்பிகா முஅல்லிமாவும் சொல்லின் வாலும்

மீன் வாங்கும்போது ஸுல்பிகா செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதில் புதினம் ஒன்றுமில்லை, கிண்ணியாவில் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் மீன்கார ஸப்வான் தானாகவே செவுளைத் தூக்கிக் காட்டினால் அந்த மீனை அவள் வாங்கமாட்டாள்.

"தானா காட்டுறவன் எதுக்குக் காட்டுறான்?" என்பாள்.

"வாங்க வாறவங்களுக்குக் காட்டாம, அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டுறதா ராத்தா?" என்று ஸப்வான் ஒருநாள் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் அவளைக் கண்டால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

இது பிறவிக் குணமா, தொழில் கொடுத்ததா என்று அவளுடைய புருஷன் சரீபுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவன் உட்துறைமுகத்தில் லோஞ்சு ஓட்டுகிறவன். கரையிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவான். கேள்வி கேட்கிற வேலை அவனுக்கு இல்லை. ஏறுகிறவன் ஏறுவான், இறங்குகிறவன் இறங்குவான். ஸுல்பிகாவின் வேலை அப்படியில்லை. ஓர்ஸ் ஹில்லிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்குகிற சரிவில் இருந்த பெண்கள் அரபுக் கல்லூரியில் அவள் இலக்கணம் படிப்பித்தாள். அரபு இலக்கணம் படிப்பிக்கிறவளுக்குக் காது எப்போதும் ஆட்களின் பேச்சில் இருப்பதில்லை, அவர்களுடைய சொற்களின் வாலில் இருக்கிறது.

வால் என்று அவள்தான் சொல்வாள். முதல் வருடப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தொடங்குவாள். 'யக்துபு' என்றால் எழுதுகிறான். அதன் வாலில் 'உ' ஆடுகிறது. முன்னால் ஒருவரும் வந்து நிற்காவிட்டால் அது அப்படியே ஆடிக்கொண்டு இருக்கும். எதற்காக என்று சொல்ல வருகிற சிறு சொல் ஒன்று முன்னால் வந்துவிட்டால் போதும், ஆட்டம் மாறிவிடும். 'லி' வந்தால் 'லியக்துப', எழுதுவதற்காக. 'கய்' வந்தாலும் 'கய் யக்துப'. 'ஹத்தா' வந்து, ஒரு காரியம் நடக்கும்பொருட்டு என்றோ நடக்கும் வரை என்றோ சொன்னாலும் வால் 'அ'தான். நோக்கம் எங்கேயோ அங்கே 'அ'. இந்த 'அ'வுக்கு நஸ்பு என்று பெயர், பழைய 'உ'வுக்கு ரஃபு என்று பெயர்.

"ஒரு 'லி'யைக் கண்ட உடனே 'அ' போட்டுட்டு ஓடாதீங்க" என்பாள் அடுத்த பாடத்தில். "இன்னொரு 'லி' இருக்கு, முகம் அச்சுல வார்த்த மாதிரி அதேதான். அது நோக்கம் சொல்லாது, கட்டளை போடும். 'அவன் எழுதட்டும்' எண்டு. அது வந்தா வாலே இல்ல. 'லியக்துப்.' முகத்தைப் பார்த்து நம்பாதீங்க, என்னத்துக்கு வந்திருக்கு எண்டு கேளுங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள். முஅல்லிமா அரபைப் பற்றித்தான் சொல்கிறாவா, ஆட்களைப் பற்றிச் சொல்கிறாவா என்று அவர்களுக்கு நிச்சயமிருக்காது.

ஓர் இடத்தில் மட்டும் அவளுடைய காதுக்கும் வேலை இல்லாமல் போகும். அரபு பேசுகிறவர் ஒரு சொல்லில் நின்று மூச்சுவிட்டால் அதன் கடைசி ஒலியை விழுங்கிவிடுவார், அது முறைதான். நின்றுவிட்டால் எழுதுகிறவனும் எழுதுவதற்காக வந்தவனும் எழுதும்படி கட்டளை பெற்றவனும் ஒரே 'யக்துப்'தான். அந்த இடத்தில் தெரிந்தவளும் ஒன்றுதான், தெரியாதவளும் ஒன்றுதான்.

ஜெஸ்மின் எப்போதும் அந்த இடத்தில் நின்றாள்.

ஜெஸ்மின் மழைக்காலம் முடிந்தபிறகு வந்து சேர்ந்தவள். உப்புவெளியில் வாடகைக்கு இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், உரத்த குரல், எல்லாரையும் அக்கா முறையில் 'ராத்தா' என்பாள். தெற்கே ஒரு கல்லூரியில் பட்டம் எடுத்துவிட்டுக் கலியாணம் முடித்துப் புருஷனோடு ஜித்தாவுக்குப் போயிருந்தாள். பல வருடங்கள் அங்கே. புருஷனுக்குச் சிறுநீரகம் பழுதாகி வேலை போன பிறகு இரண்டு பிள்ளைகளோடும் திரும்பி வந்தவள். கல்லூரி அதிபர் ஸைனுலாப்தீன் ஹஸ்ரத் அவளைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். நிரந்தரமாக்கலாமா என்று சொல்லவேண்டியது மூத்த இலக்கண ஆசிரியை. அதாவது ஸுல்பிகா.

ஜெஸ்மின் வந்த வாரமே ஓர் அரபுநாட்டு விருந்தாளி கல்லூரி பார்க்க வந்தார். அதிபர் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பைச் சொல்லி முடிப்பதற்குள் ஜெஸ்மின் குறுக்கே ஏதோ சொன்னாள், அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இருவரும் படபடவென்று கதைத்தார்கள். ஸுல்பிகா பக்கத்தில் நின்றாள். அவள் வாழ்நாளில் பாதி அரபோடு போனது. ஆனால் அந்தக் கதையில் அவளுக்குப் பிடிபட்டது இரண்டோ மூன்றோ சொல். 'அஷான்', 'அஷான்' என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. அவளுடைய எந்த நூலிலும் அப்படி ஒரு சொல் இல்லை.

"அஷான் எண்டா என்ன?" என்று பிறகு கேட்டாள், ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல.

"அதுவா ராத்தா? நம்மட 'லி'தான். அங்க ஆரும் 'லி' சொல்லமாட்டாங்க. 'அஷான்' எண்டு போட்டுட்டு வினையைச் சொல்லுறதுதான்."

"வால்?"

"என்ன வால்?"

"வினையின்ட கடைசி. 'லி' வந்தா நஸ்பு. 'அஷான்' வந்தா?"

ஜெஸ்மின் சிரித்தாள். "பேச்சில வாலெல்லாம் இல்ல ராத்தா. முதல்ல போன புதுசில நான் வாலெல்லாம் வெச்சுத்தான் கதைச்சனான். தக்காளிக் கடைக்காரன் என்னைப் பாத்துட்டு, ஜும்ஆப் பிரசங்கம் ஓதுறாய் எண்டு பகிடி பண்ணினான். பிள்ளைகள் பாக்கிற கார்ட்டூனில வாற மாதிரிக் கதைக்கிறாய் எண்டா பக்கத்து வீட்டுக்காரி. அண்டைக்கு அறுத்துப் போட்டதுதான் வாலை."

நல்ல பதில்தான். நல்ல பதில் வைத்திருக்கிறவளை ஸுல்பிகா எப்படி நம்புவாள்? வாலை அறுத்துப் போட்டவளுக்கு, அறுக்க முதல் அது எப்படி இருந்தது என்று தெரியுமா? அதுதான் கேள்வி.

மறைக்க முடியாத இடம் ஒன்று இருப்பது ஸுல்பிகாவுக்குத் தெரியும். பலபேர் எழுதுகிறார்கள் என்றால் 'யக்துபூன'. முன்னால் 'லி' வந்தால் அந்த 'ன' முழுதாக விழுந்துவிடும், 'லியக்துபூ'. மூச்சுவிட்டாலும் விடாவிட்டாலும் விழுந்தது விழுந்ததுதான். அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்தில் அவள் விசுக்கோத்தை நீட்டியபடி கேட்டாள்.

"'அவங்க சாப்பிட வந்தாங்க.' உங்கட ஜித்தாக் கதையில எப்படி?"

"'ஜூ அஷான் யாக்லூ.'"

'ன' விழுந்துதான் இருந்தது. ஸுல்பிகா தேத்தண்ணியை ஊதிக்கொண்டே யோசித்தாள். நோக்கச் சொல் வந்ததால் விழுந்ததா?

"'அவங்க சாப்பிடுறாங்க.' வெறுமனே."

"'யாக்லூ.'"

அங்கேயும் விழுந்துதான் இருந்தது. எப்போதுமே இல்லாத ஒன்று விழுந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேத்தண்ணி ஆறிப்போனது.

"ராத்தா என்னைச் சோதிக்கிறீங்களா?" என்றாள் ஜெஸ்மின்.

"இல்ல. சும்மா அறிஞ்சுகொள்ள."

"சும்மாவா? நல்லது" என்று ஜெஸ்மின் இன்னொரு விசுக்கோத்து எடுத்துக்கொண்டாள். அவளுடைய பார்வையிலும் இப்போது ஏதோ ஒன்று வந்திருந்தது. அதன் பிறகு அவள் ஸுல்பிகா இருக்கும் அறைக்குள் தொலைபேசியில் அரபு கதைக்கவில்லை. வெளியே, படிக்கட்டுக்குக் கீழே நின்று குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

சரீப் அன்றிரவுச் சாப்பாட்டில் இதைக் கேட்டுச் சிரித்தான்.

"நீ போய்ச் சோதிச்சா அவ ஒளிச்சுக் கதைப்பாதானே புள்ள."

"ஒளிக்க என்ன இருக்கு?"

"உனக்கு முன்னால நிண்டு வாயத் துறக்கப் பயம். எனக்கே பயம். நான் தமிழ்தான் கதைக்கிறன்."

அதிபர் நாள் குறித்தார். புதன்கிழமை ஜெஸ்மின் இரண்டாம் வருடத்துக்கு ஒரு பாடம் எடுக்கவேண்டும், ஸுல்பிகா பின்னால் இருந்து பார்க்கவேண்டும், வியாழன் காலை அதிபரிடம் ஒரு சொல் சொல்லவேண்டும். பாடத்தை ஸுல்பிகாவே தெரிந்தெடுத்தாள். நோக்கம் சொல்லும் இடைச்சொற்களும் அவை கேட்கும் வினை வடிவமும்.

"வடிவாப் பாருங்க" என்றார் அதிபர். "ஒண்டு சொல்லுறன். சரிவராட்டி அவ திரும்பவும் ஜித்தாவுக்குப் போகவேண்டி வரும். ஒரு வீட்டில பிள்ளை பாக்கிற வேலைக்கு விசா வந்திருக்காம். அவட பிள்ளைகளை உம்மாட்ட விட்டுட்டு."

"அத உங்களிட்ட சொன்னது ஆரு ஹஸ்ரத்?"

"அவதான்."

"எதுக்குச் சொன்னவ?"

அதிபர் தாடியைத் தடவினார். அவர் மெதுவான மனிதர். "நான் கேட்டன், அதுக்குச் சொன்னவ" என்றார்.

புதன்கிழமை வெயில் நேரே வகுப்புக்குள் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று நின்றது. பின்வரிசைக் கதிரையில் ஸுல்பிகா முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. காது போதும்.

ஜெஸ்மின் நன்றாகத்தான் தொடங்கினாள். "நான் சந்தைக்குப் போனன். என்னத்துக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டாள். ஒருத்தி மீன் வாங்க என்றாள், ஒருத்தி வளையல் வாங்க என்றாள், பின்வரிசையில் ஒருத்தி மாமியிடமிருந்து தப்ப என்றாள். வகுப்பே சிரித்தது. எல்லாவற்றையும் 'லி' போட்டு ஜெஸ்மின் பலகையில் எழுதினாள். பிறகு அதே வசனங்களை 'கய்' போட்டு எழுதினாள். 'லி'யும் 'கய்'யும் சேர்ந்து 'லிகய்' என்றும் வரும் என்றாள். எழுத்தில் வாலெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் பலகையில் எழுதுவதை நேற்றே பார்த்து வந்திருக்கலாம். வாயால் சொல்லும்போதெல்லாம் அவள் வினையில் நின்றாள், மூச்சுவிட்டாள். ஸுல்பிகா எண்ணவில்லை. எண்ணத் தேவையே இல்லை, ஒவ்வொரு தடவையும் நின்றாள்.

பிறகு 'ஹத்தா' வந்தது. ஓர் உதாரணத்துக்காக ஜெஸ்மின் ஓதத் தொடங்கினாள். திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில், சோதனைக்கு ஆளாகி அதிர்ந்துபோன மக்களைப் பற்றிய வசனம். அதில் ஓர் இடத்தில் 'ஹத்தா' வரும், அதன்பின் 'சொல்லும்' என்ற வினை வரும். அங்கே நிற்க முடியாது, அடுத்த சொல்லோடு சேர்த்தே ஓதவேண்டும். ஸுல்பிகா சின்ன வயதிலிருந்து ஓதிவருகிற வசனம் அது. 'யகூல' என்று 'அ'வில் போய் ஒட்டும்.

நல்ல குரல் ஜெஸ்மினுக்கு. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். 'ஹத்தா' வந்தது. வினை வந்தது.

'யகூலு.'

தெளிவான 'உ'. ரஃபு. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டியதுபோல.

ஸுல்பிகாவின் உதடு பிரிந்தது. ஜெஸ்மினின் கண் ஒரு கணம் பின்வரிசைக்கு வந்து அவளைப் பார்த்தது. ஸுல்பிகா உதட்டை மூடிக்கொண்டாள். ஜெஸ்மின் தொடர்ந்து ஓதி முடித்தாள்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு ஸுல்பிகா அதிபரின் அறைக்குப் போனாள். வியாழன் காலைவரை பொறுக்க அவளால் முடியவில்லை.

"நான் நினைச்சதுதான் ஹஸ்ரத். நிண்டு நிண்டு கதைக்கேக்கையே தெரியும். இண்டைக்கு நிக்க ஏலாத இடத்தில பிடிபட்டுட்டா. 'ஹத்தா'வுக்குப் பின்னால ரஃபு. பேச்சில இல்ல, ஓதலில."

அதிபர் எந்த இடம் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யுறது?"

"ஓதலில பிழை விட்டா, கேட்டுக்கொண்டு இருக்கிறவங்க என்ன செய்யுறது முஅல்லிமா?"

அது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். ஓதுகிறவர் தடுமாறினால் கேட்கிறவர் அந்தச் சொல்லை உடனே எடுத்துக் கொடுக்கவேண்டும். தொழுகையில்கூட, முன்னால் நிற்கிற இமாம் பிழைவிட்டால் பின்னால் நிற்கிறவர் எடுத்துக் கொடுப்பார். மரியாதை பார்ப்பதில்லை, நேரம் பார்ப்பதில்லை. ஸுல்பிகா பேருந்துக்குள் வானொலியில் ஓதியவரையே திருத்தியவள்.

"நான்… கடைசிவரைக்கும் பாப்பம் எண்டு இருந்தன்."

"ஆ" என்றார் அதிபர். "பிள்ளைகள் அந்த ஓதலைக் கேட்டுக்கொண்டு போயிட்டாங்களா?"

"ஓம்."

"பிழை எண்டு தெரிஞ்சும் விட்டுட்டீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைப்பதுபோலச் சொன்னார். "நாளைக்குக் காலையில சொல்லுங்க. நீங்க சொல்லுறதுதான் முடிவு. வேண்டாமெண்டா நான் அவக்குச் சொல்லிருவன்."

கிண்ணியாப் பேருந்தில் அவள் ஜன்னலோரம் இருந்தாள். பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. பிடிபட்டவள் ஜெஸ்மின். ஆனால் திருட்டுப் பொருள் தன் கையில் இருப்பதுபோல ஓர் உணர்வு. ஏன் அவள் என்னைப் பார்த்தாள் என்று யோசித்தாள். பிழை விட்டவள் பார்த்த பார்வையா அது? பிழை விடுகிறவளுக்கு விடுவது தெரியாதே. அப்படியென்றால் எதற்குப் பார்த்தாள்?

சரீப் நேரத்தோடு வந்திருந்தான். குசினி வாசலில் இருந்து சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு புள்ள. 'ஹத்தா' வந்தா என்ன?"

"வால் 'அ'."

"எப்பவுமா?"

"நோக்கம் சொன்னா எப்பவும். கடைத்தெருவுக்குப் போறன், மீன் வாங்கும்பொருட்டு. வாங்குறது இனித்தானே? அதுக்கு 'அ'. 'வரை' எண்டு வந்து, வினை இனி நடக்கப்போறதா இருந்தாலும் 'அ'."

"நடக்கப்போறதா இல்லாட்டி?"

"நடந்துகொண்டிருந்தா, 'இப்ப இந்த நிலைக்கு வந்துட்டுது' எண்டு சொன்னா 'உ'. ஒருத்தருக்கு வருத்தம் கடுமையாகிட்டுது, எவ்வளவுக்கெண்டா, இப்ப ஆரும் அவரில நம்பிக்கை வெக்கிறதில்ல. அங்க 'ஹத்தா'தான், ஆனா ரஃபு."

"அப்ப அவ சொன்ன இடத்தில நடந்ததா, நடக்கப்போறதா?"

"அது நடந்து முடிஞ்ச பழைய கதை. ஆனா அந்த அதிர்ச்சிதான் முதல்ல, சொன்னது அதுக்குப் பிறகு. அதால அதிர்ச்சியில நிண்டு பாத்தா சொல்லுறது இனித்தான். அதுக்கு 'அ'. இல்லாட்டி, கண்ணுக்கு முன்னால இப்ப நடக்கிற மாதிரி…"

அவள் நிறுத்தினாள்.

சரீப் மீனின் வாலை வெட்டி எறிந்தான். பூனை அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"ஏன் நிப்பாட்டிட்டாய்?"

அவள் எழும்பி உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். தன் இலக்கண நூலை எடுத்தாள், மாணவியாக இருந்த காலத்தில் படித்தது. 'ஹத்தா' அதிகாரத்தின் கடைசிப் பந்தி. பரீட்சைக்கு வராததால் அவள் படிப்பிக்கிறதில்லை. அதே வசனம் அங்கே இருந்தது. இரு விதமாகவும் ஓதப்படும் என்றிருந்தது. இங்கே எல்லாரும் ஓதுகிற கூஃபா வழியில் 'அ', மதீனா வழியில் 'உ'. அது அவளுக்குத் தெரியாததில்லை. ஒருகாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்ததுதான். ஆனால் தாளில் கண்டதை ஒரு வாயிலிருந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டபோது அது ஜெஸ்மினின் வாயாக இருந்தது.

"என்ன?" என்றான் சரீப் வாசலில் நின்று.

"பிழையில்ல."

"அப்ப நல்லதுதானே?"

"பேசாம மீனைக் கழுவுங்க."

வியாழன் காலை முதல் பேருந்திலேயே அவள் போனாள். கல்லூரி வாசலில் ஜெஸ்மின் தனியே நின்றாள். நித்திரை கொள்ளாத முகம்.

"அந்த 'யகூலு'வை ஆரிட்டப் படிச்சீங்க?" என்றாள் ஸுல்பிகா. ஸலாம் சொல்லவும் மறந்துபோனாள்.

"ஜித்தாவில பக்கத்து வீட்டில ஒரு மொரோக்கோ நாட்டுப் பொம்பள இருந்தா. அவ ஓத ஓதப் பின்னால ஓதினனான். மத்ததெல்லாம் எனக்கு இங்க படிச்சது. இந்தப் பக்கம் மட்டும் அவட குரலோட மனசில ஒட்டிட்டுது." ஜெஸ்மின் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "ஓதேக்க எனக்கே தட்டுப்பட்டுது, இது நம்மட ஓதலில்லையே எண்டு. உங்களப் பாத்தன். நீங்க உடன எடுத்துத் தருவீங்க எண்டு நினைச்சன். நீங்க தரல்ல. வாயத் துறந்துட்டு மூடிட்டீங்க. அப்ப சரிதான்போல எண்டு போயிட்டன்."

"ம்."

"பிறகு இரவு முழுக்க யோசிச்சன். எதுக்கு ராத்தா தரல்ல?"

எதுக்கு என்ற கேள்வியை ஸுல்பிகா ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறாள். அவளை யாரும் இப்படி வாசலில் வைத்துக் கேட்டதில்லை. பதில் அவளுக்குத் தெரியும். அதற்கு 'லி'யும் வேண்டாம், 'கய்'யும் வேண்டாம்.

"உங்களப் பிடிக்க" என்றாள்.

ஜெஸ்மின் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள். பிறகு, "நல்லவேளை, உண்மையச் சொல்லிட்டீங்க. 'சும்மா' எண்டு சொன்னா நான் இப்பவே போயிருப்பன்" என்றாள்.

அதிபர் அறையில் ஸுல்பிகா உட்காரவில்லை.

"நிரந்தரமாக்குங்க ஹஸ்ரத். இலக்கணத்தில பிழையில்ல, ஓதலிலயும் பிழையில்ல. அது மதீனா வழி, மொரோக்கோக்காரங்க ஓதுறது. ஆனா ஒரே ஓதலில ரெண்டு வழியக் கலக்கக்கூடாது, பிள்ளைகள் குழம்புவாங்க. அத நான் வகுப்பில போய்ச் சொல்லுறன். நான் எடுத்துக் கொடுத்திருக்கவேணும் எண்டதையும் சொல்லுறன்."

"நல்லது" என்றார் அதிபர். கண்ணாடியைத் துடைத்தார்.

கதவுவரை போனவள் திரும்பினாள். "ஹஸ்ரத், நேத்து நான் சொல்லேக்கையே உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு விதமா ஓதலாம் எண்டு?"

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன் முஅல்லிமா" என்றார் அவர்.

அவள் குடிக்கவில்லை. அதைப் பற்றி அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

இரண்டாம் வருட வகுப்பில் அவள் முன்னால் நின்று சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். பலகையில் 'யகூல' என்றும் 'யகூலு' என்றும் எழுதி, இங்கே எது, ஏன் என்று காட்டினாள். பரீட்சைக்கு வராத கடைசிப் பந்தியை முதன்முதலாகப் படிப்பித்தாள். மாமியிடமிருந்து தப்பப்போனவள் கையை உயர்த்தி, "அப்ப நேத்தே ஏன் சொல்லல்ல முஅல்லிமா?" என்று கேட்டாள்.

"சொல்லியிருக்கவேணும்" என்றாள் ஸுல்பிகா. "பிழை எண்டு நினைச்சுக்கொண்டே விட்டுட்டன். அதுதான் பிழை. நீங்க அப்படிச் செய்யாதீங்க."

சாக்கட்டியை ஜெஸ்மினிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெளியே போவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் பின்வரிசைக்குப் போய் அதே கதிரையில் அமர்ந்தாள்.

ஜெஸ்மின் பலகைப் பக்கம் திரும்பி எழுதினாள். எழுதியதை உரக்க வாசித்தாள். சந்தைக்குப் போனேன், மீன் வாங்குவதற்காக. வினையில் வந்து வழக்கம்போல நின்று மூச்சுவிட்டாள்.

"வால்?" என்றது பின்வரிசை, மூச்சு முடிவதற்குள்.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெஸ்மின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் நம்பிக்கையில்லையா ராத்தா?" என்றாள்.

"இல்ல" என்றாள் ஸுல்பிகா. "வாலைச் சொல்லுங்க."

ஜெஸ்மின் வசனத்தைத் திரும்பவும் எடுத்தாள், இந்த முறை நிற்காமல். 'அ' தெளிவாக விழுந்து அடுத்த சொல்லோடு போய் ஒட்டியது. ஸுல்பிகா தலையை ஆட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. அடுத்த வசனத்துக்குக் காதைக் கொடுத்தாள்.